மூன்று நாள் பயணம், எட்டுப் பேர், தலைக்கு 100தான்: பொதுப் பணத்தை எப்படிப் பிரிப்பது?

கடைசி பெஞ்ச்

கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர், மூணு நாள், ரெண்டு ராத்திரி. தலைக்கு இவ்வளவுதான்னு ஒரு தொகை முடிவாயிடுச்சு. எந்த நாணயம், எவ்வளவுங்கிறது இங்கே முக்கியமில்லை. தலைக்கு 100னு வச்சுக்குவோம், மொத்தம் 800. வண்டி போக வர, அங்கே சுத்த எல்லாம் சேர்த்து 256. ரெண்டு ராத்திரி அறைக்கு 176. மீதியை ஒரு பொதுப் பணமா ஒருத்தர் கையில் கொடுத்து அதிலிருந்தே செலவு செய்யலாம்னு நினைக்கிறோம். ரெண்டு கேள்வி. பொதுப் பணத்தில் எதைப் போடணும், எதைப் போடக் கூடாது? நடுவில் 100ஐத் தாண்டாம எப்படிப் பிடிச்சு நிறுத்துறது? ஊர், இடமெல்லாம் முடிவாயிடுச்சு, அதைப் பத்திக் கேக்கலை.

சிவா ட்ரிப்

சிம்பிள். 800ல 432 போச்சுன்னா மீதி 368. அதை மூணா வகுத்தா நாளுக்கு 122 சொச்சம். அதுக்குள்ள இருங்க. யார் என்ன கொடுத்தாங்கன்னு ஒரு செயலியில ஏத்திட்டா, யார் யாருக்குத் தரணும்னு கடைசியில அதுவே சொல்லிடும். எட்டுப் பேர்னா அதிகபட்சம் ஏழு பணமாற்றத்தில எல்லாக் கணக்கும் தீர்ந்துடும்.

மழைக்காலம்

தலைக்கு 100 ஒரே நேரத்தில் போடுவது கஷ்டம்தான். ஐந்து மாதம் முன்பே ஆரம்பித்து மாதம் 20 சேர்த்தால் வலிக்காது. சேர்ப்பவரை மாதாமாதம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

கடைசி பெஞ்ச்

மழைக்காலம், சேர்க்கிறது பிரச்சினை இல்லைங்க. சேர்ந்த பணத்தைப் போற இடத்தில் எப்படிப் பிரிக்கிறதுன்னுதான் கேக்கறேன். கையில் வச்சிருக்கிறவரை மாதாமாதம் மாத்தினா கணக்கு எங்கே தொலைஞ்சதுன்னே தெரியாது.

கணக்கு நோட்டு

சிவா சொன்ன ஏழு பணமாற்றம் சரிதான். ஆனால் செயலி நடந்த செலவைத்தான் எழுதிவைக்கும், நடக்கப் போகிற செலவைத் தடுக்காது. நீங்கள் கேட்டது இரண்டாவதை. 368ஐ மூன்றால் வகுப்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் 100ஐ நான்காகப் பிரியுங்கள். வண்டியும் அறையும் சேர்ந்து 54. இது கிளம்பும் முன்பே கட்டிவிடும் பணம், பொதுப் பையில் இது வரவே கூடாது. அவசரத்துக்கு 8. பொதுப் பணம் 30. மீதி 8 அவரவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், யாரும் வசூலிக்க வேண்டாம். இந்தக் கடைசி 8ஐப் பலர் விட்டுவிடுவார்கள். பிறகு ஒருவர் தனக்கு மட்டும் ஒரு தொப்பி வாங்கினாலும் அது தலைக்கு 100ஐத் தாண்டியதாகிவிடும்.

அப்படியானால் பொதுப் பணம் 240. இதில் எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி ஆகும் செலவு மட்டும்தான் போக வேண்டும்: சாப்பாடு, தேநீர், தண்ணீர், வண்டி நிறுத்தக் கட்டணம், எல்லாரும் உள்ளே போகும் இடங்களின் நுழைவுச்சீட்டு. ஒரே ஒருவருக்கு அது வேண்டாம் என்றாலும் அது பொதுச் செலவு இல்லை.

இப்போது நாள் கணக்கு. மூன்று நாள் என்றாலும் மூன்றும் ஒரே நீளமில்லை. முதல் நாள் காலைச் சாப்பாடு வீட்டில், கடைசி நாள் இரவுச் சாப்பாடும் வீட்டில். ஆக வெளியே சாப்பிடுவது ஏழு வேளை: முதல் நாள் இரண்டு, நடு நாள் மூன்று, கடைசி நாள் இரண்டு. எட்டுப் பேருக்கு ஒரு வேளைக்கு 20 என்று வைத்தால் 140. நுழைவுச்சீட்டுக்கு 40, அது பெரும்பாலும் நடு நாளில்தான் வரும். மீதி 60ஐச் சில்லறைச் செலவுக்கு நாளுக்கு 20 ஆகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் 60, இரண்டாம் நாள் 120, மூன்றாம் நாள் 60. மூன்று உறையில் தனித்தனியாகப் போட்டுவிடுங்கள்.

240ஐச் சமமாக 80, 80, 80 என்று பிரித்தால் என்ன ஆகும்? முதல் நாள் மாலை கையில் 20 மிச்சம் இருப்பதுபோலத் தெரியும். எல்லாருக்கும் உற்சாகம் உச்சத்தில் இருக்கிற மாலை அதுதான், அந்த 20 அன்றே கரையும். மறுநாள் 120 தேவைப்படும்போது உறையில் 80தான் இருக்கும். பேராசையால் தாண்டிய கணக்கைவிட இப்படித் தப்பாகப் பிரித்ததால் தாண்டிய கணக்குதான் அதிகம்.

சிவா ட்ரிப்

வேளைக்கணக்கு எனக்குத் தோணலை, ஒத்துக்கறேன். ஆனா மூணு உறை கொஞ்சம் ஓவர் இல்லையா? பணம் ஃபோன்லதானே இருக்கும்?

கணக்கு நோட்டு

உறை காகிதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபோனில் என்றால் ஒரு பொது விரிதாள் போதும். A நாள், B எதற்கு, C தொகை, D கொடுத்தவர். எங்கேயாவது ஓர் ஓரத்தில் இன்றைய மீதியைக் காட்டும் கட்டம் மட்டும் வேண்டும். இரண்டாம் நாளுக்கு:

```
=120-SUMIF(A:A,2,C:C)
```

கவனிக்க வேண்டியது ஒன்று. மொத்த மீதியைக் காட்டும் கட்டத்தை எட்டுப் பேர் கண்ணில் படவிடாதீர்கள். முதல் நாள் சாயங்காலம் "இன்னும் 190 இருக்கு" என்று பார்த்தால் யாருக்கும் கை அடங்காது. இன்றைய மீதி 10 என்று தெரிந்தால் அடங்கும்.

யாழினி ப

எல்லாரும் செலவில் இறங்கிட்டீங்க. எனக்குப் பெரிய ஓட்டை அதுக்கு முன்னாடியே தெரியுது. எட்டில் ஒருத்தர் கடைசி வாரத்தில் வரலைன்னா? வண்டி, அறை 432 குறையாது. ஏழால் வகுத்தா 61.7. தலைக்கு 7.7 கூடுது. அவசரத்துக்குன்னு எடுத்து வச்ச 8 அங்கேயே காலி. ரெண்டு பேர் விலகினா 72, அதாவது 18 கூடும். அப்புறம் உறை, விரிதாள் எதுவும் காப்பாத்தாது.

அதனால வசூலை ரெண்டாப் பிரிங்க. முன்பதிவு செய்யறதுக்கு முன்னாடி தலைக்கு 54. அதைக் கட்டினவங்க மட்டும்தான் கணக்கில் ஒரு தலை. "நான் வர்றேன்டா, அப்புறம் தர்றேன்"னு சொன்னவர் தலை இல்லை. கிளம்ப ரெண்டு நாள் முன்னாடி ரெண்டாவது வசூல், 38. முன்பதிவுக்கு அப்புறம் விலகினா 54 திரும்ப வராது. இன்னொருத்தரைத் தன் இடத்தில் சேர்த்துவிட்டா வரும், இல்லைன்னா ரத்து செய்ததில் எவ்வளவு திரும்பக் கிடைச்சதோ அது மட்டும். இதைப் பணம் வாங்கறப்பவே எழுத்தில் சொல்லிடணும்.

கடைசி பெஞ்ச்

இது கொஞ்சம் கடுமையாத் தெரியுதே. ஒருத்தருக்கு நிஜமாவே உடம்பு சரியில்லாம போனா?

யாழினி ப

அப்போ ஏழு பேரும் சேர்ந்து பாதியைத் தாங்கலாம். 27ஐ ஏழால் வகுத்தா தலைக்கு நாலு கூட வராது. ஆனா அதைப் பெருந்தன்மையா அப்போ முடிவு பண்ணுங்க. விதியில் எழுதாதீங்க. எழுதினா எல்லாருக்கும் கடைசி வாரம் காய்ச்சல் வரும்.

கணக்கு நோட்டு

விதியில் எழுதக் கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எழுதாவிட்டால் செல்வாக்குள்ள நண்பருக்குப் பாதி திரும்பும், கூச்சப்படுகிறவருக்குத் திரும்பாது. ஆனால் 54ஐ முதலிலேயே வாங்குவது சரி. அது இல்லாமல் மற்றதெல்லாம் வீண்.

ரஃபி 04

எங்க கேஸ் வேற மாதிரி. ஆறு பேர் போறோம். ஒருத்தருக்குத் தேர்வு இருக்கு, ரெண்டாம் நாள் காலையில்தான் தனியா பஸ்ஸில் வந்து சேருவார். திரும்பி வரும்போது எங்களோட. அவர் முழுசாக் கொடுக்கணுமா?

கணக்கு நோட்டு

ரஃபி, இங்கே இருக்கிற எட்டுப் பேர் கணக்கிலேயே சொல்கிறேன், உங்கள் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பொதுப் பணத்தின் தலைக்கு 30 என்பது எதெல்லாம் சேர்ந்தது? ஏழு வேளைச் சாப்பாடு, வேளைக்கு 2.5 வீதம் 17.5. சில்லறை நாளுக்கு 2.5 வீதம் 7.5. நுழைவுச்சீட்டு 5. இரண்டாம் நாள் வருபவருக்கு ஐந்து வேளை 12.5, இரண்டு நாள் சில்லறை 5, நுழைவுச்சீட்டு 5. ஆக 22.5. அதோடு முதல் நாள் உறையையும் 60லிருந்து 52.5 ஆகக் குறைக்க வேண்டும். இதைத்தான் மறப்பார்கள். அவரிடம் குறைவாக வாங்கிவிட்டு, உறையில் பழைய தொகைக்கே செலவு செய்வார்கள்.

வண்டிக்கு முழுப் பங்கு. அவர் இருக்கை காலியாகப் போனாலும் வண்டிக் கூலி குறையப் போவதில்லை.

ரஃபி 04

வண்டிக்கு முழுசு வாங்கினா அவருக்குப் பஸ் கட்டணமும் சேர்ந்து 100ஐத் தாண்டுமே? அவர் வேணும்னு தாமதிக்கலை.

யாழினி ப

இதுக்கு நியாயமான ஒரே பதில் கிடையாது. வண்டியில் பாதின்னா அவருக்கு 16 குறையும், மத்த ஏழு பேருக்கும் தலைக்கு 2.3 கூடும். ஏழு பேரும் சரின்னா சரி. ஒருத்தர் முகம் சுளிச்சாலும் முழுசு. அறைக்கும் இதே சண்டை வரும். முதல் ராத்திரி அவர் கட்டில் சும்மாதான் கிடந்தது.

சாரதி

வண்டி பத்தி ஒரு வார்த்தை. 256ங்கிற தொகையில் என்னென்ன அடங்கும்னு எழுதி வாங்கினீங்களா? எரிபொருள், சுங்கக் கட்டணம், நிறுத்தக் கட்டணம், ஓட்டுநர் ராத்திரி தங்கினா அதுக்கான படி, பேசின தூரத்துக்கு மேல் போனா கூடுதல் கூலி. இதில் ஏதாவது வெளியே நின்னா அது கடைசி நாள் ராத்திரி, வண்டியை விட்டு இறங்கறப்போதான் கேப்பாங்க. அப்போ உங்க உறை காலியா இருக்கும். போற தூரத்தை வரைபடத்தில் பார்த்துட்டு, உள்ளூரில் சுத்தறதுக்கு அதோட ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துப் பேசுங்க.

கடைசி பெஞ்ச்

நிறுத்தக் கட்டணம் வெளியேன்னு சொல்லியிருக்காங்க. சுங்கம் உள்ளே. தூரம் கேக்கலை, கேட்டுடறேன்.

இன்னொரு விஷயம். அறைக்காரர் போய்ச் சேர்ந்ததும் 40 முன்வைப்பு கேப்பாராம், காலி பண்ணும்போது திருப்பித் தருவாராம். அதை எதிலிருந்து கொடுக்கிறது?

கணக்கு நோட்டு

அவசரப் பணத்திலிருந்து. முதல் நாள் உறையிலிருந்து எடுத்தால் 60ல் 20 மட்டும் மிஞ்சும். அன்று முழுக்க எல்லாரும் பட்டினி கிடக்கிற மாதிரி நடந்துகொள்வீர்கள். மூன்றாம் நாள் காலை 40 திரும்பி வந்ததும் அது வரவுபோலத் தோன்றி வழியிலேயே கரைந்துவிடும். அவசரப் பணம் மொத்தம் 64. அதில் 40 முடங்கினால் இரண்டு நாளுக்குக் கையில் 24தான் என்பதையும் மனதில் வையுங்கள். முடிந்தால் அறைக்காரரிடம் முன்பே பேசி முன்வைப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அந்த 64 பொதுப் பணம் வைத்திருப்பவரிடம் இருக்கக் கூடாது, வேறொருவரிடம் இருக்கட்டும். உடம்புக்கு முடியாமல் போவது, வண்டி பழுது, வண்டியைத் தவறவிட்டு வேறு வழியில் திரும்புவது, கட்டாயமாக இன்னொரு இரவு தங்குவது: இந்த நான்குக்குத்தான் அது வெளியே வரலாம். "சாப்பாடு நினைத்ததைவிட விலை அதிகம்" என்பது அவசரம் இல்லை.

சிவா ட்ரிப்

சரி, முதல் நாளே 60ஐத் தாண்டி 74 ஆயிடுச்சுன்னு வைங்க. அப்போ?

கணக்கு நோட்டு

தாண்டிய 14ஐ இரண்டாம் நாளின் சில்லறை 20லிருந்து கழியுங்கள். சாப்பாட்டிலிருந்து கழிக்காதீர்கள். அரைவயிறோடு சுற்றினால் அதே பணம் இரண்டு மடங்காகத் தின்பண்டத்தில் போகும். தாண்டியது 20க்கு மேல் என்றால் இன்னும் வாங்காத நுழைவுச்சீட்டுகளில் ஒன்றை விட வேண்டியதுதான்.

இதை முதல் நாள் இரவே முடிவு செய்ய வேண்டும். திருத்தம் செய்ய இடமிருக்கிற ஒரே இரவு அது. இரண்டாம் நாள் இரவு உட்கார்ந்து பேசினால் எதிரே இருப்பது 60 மட்டும். அதில் 40 சாப்பாட்டுக்கு, நகர்த்த முடிந்தது 20தான். பயணம் முடியும்போது சண்டை வருகிற குழுக்களில் பெரும்பாலும் இந்த முதல் இரவுக் கணக்கு நடந்திருக்காது.

கணக்கு என்றால் பத்து நிமிட வேலை. உறையில் இருக்கிற பணத்தை எண்ணுங்கள், விரிதாளோடு ஒப்பிடுங்கள். கையில் இருப்பது குறைவு என்றால் எழுதாமல் விட்ட செலவு இருக்கிறது, பெரும்பாலும் தண்ணீர், தேநீர், நிறுத்தக் கட்டணம். கையில் இருப்பது அதிகம் என்றால் மகிழாதீர்கள். யாரோ தன் பணத்தில் வாங்கி விரிதாளிலும் ஏற்றிவிட்டு, பொதுப் பணத்திலிருந்து திரும்ப வாங்க மறந்திருக்கிறார். அன்றைக்கே அவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு இரவும் இப்படித் தீர்த்தால் கடைசியில் சிவா சொன்ன ஏழு பணமாற்றம்கூடத் தேவைப்படாது.

யாழினி ப

சாப்பாட்டில் தாண்டறதுக்குக் காரணம் விலை இல்லை, ஆர்டர் பண்ற விதம். எட்டுப் பேர் உக்காந்ததும் எட்டு வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆர்டர் போகும். பகிர்ந்து சாப்பிடறதா இருந்தா முதலில் ஆறு பேருக்கான அளவு சொல்லுங்க, வந்ததும் பார்த்து மீதியைச் சேருங்க. இந்த வேளைக்கு 20ன்னு உக்காரும் முன்னாடியே சொல்லிடணும். பில் வந்த பிறகு சொன்னா அது கண்டிப்பு இல்லை, புலம்பல். தனியா ஒரு குளிர்பானம் வேணும்னா அவரவர் சட்டைப்பை 8லிருந்து.

கடைசி பெஞ்ச்

இரண்டாம் நாள் படகுச் சவாரி இருக்கு. அஞ்சு பேருக்கு வேணும், மூணு பேருக்கு வேண்டாம். அஞ்சு பேரும் சொந்தமாக் கொடுத்துக்கிட்டா பிரச்சினை இல்லைதானே?

சாரதி

இருக்கு. அஞ்சு பேரும் திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னா வண்டி காத்திருக்கும். காத்திருப்புக் கூலி இருந்தா அது யார் தலையில்? அஞ்சு பேர் தலையில்தான் விழணும். மூணு பேரும் அங்கே சும்மா உக்காந்து தேநீர் குடிக்கிற செலவும் இருக்கு. அது பொதுப் பணத்தில் போகும்.

யாழினி ப

அதைவிட முக்கியம், அந்த அஞ்சு பேருக்கும் சட்டைப்பையில் இருக்கிறது 8தானே? படகு 8ஐத் தாண்டினா அவங்க 100ஐத் தாண்டறாங்க. தாண்டட்டும், அவங்க இஷ்டம். ஆனா மூணு பேரில் ஒருத்தர் "வேண்டாம்"னு சொல்றது படகு பிடிக்காததாலயா, 100க்கு மேல் முடியாததாலயான்னு யோசிங்க. தலைக்கு 100ன்னு எப்படி முடிவு பண்ணீங்க?

கடைசி பெஞ்ச்

குழுவில் கேட்டோம், எல்லாரும் சொன்னதை வச்சு ஒரு தொகை பேசி முடிவாச்சு.

யாழினி ப

குழுவில் கேட்டா குறைவா இருக்கிறவர் தன் தொகையைச் சொல்ல மாட்டார். ஒவ்வொருத்தரிடமும் தனியாக் கேக்கணும், அதில் குறைஞ்சதை எடுக்கணும். எட்டுப் பேர் 100, 100, 110, 120, 120, 150, 150, 200ன்னு சொன்னாங்கன்னு வைங்க. சராசரி 131. அதை வச்சா எட்டில் அஞ்சு பேருக்கு அது முடியாத தொகை. சராசரி நியாயமாத் தெரியும், ஆனா பாதிக்கு மேல் ஆளை வெளியே தள்ளிடும். இப்பவும் தனித்தனியாக் கேட்டுப் பாருங்க. ஒருத்தர் 90 சொன்னா நுழைவுச்சீட்டில் ரெண்டை எடுத்துடலாம், சில்லறையைச் சுருக்கலாம். 70 சொன்னா அறையையோ வண்டியையோ மாத்தாம முடியாது.

சிவா ட்ரிப்

இல்லைன்னா வசதி இருக்கிறவர் போட்டுக்கலாமே. "நான் போடறேன், அப்புறம் பாத்துக்கலாம்"னு எங்க குழுவில் எப்பவும் ஒருத்தர் இருப்பார்.

கணக்கு நோட்டு

உச்சவரம்பு உடைவதற்கு அதுதான் மிகச் சாதாரணமான வழி. அந்த நேரத்தில் யாருக்கும் 100 தாண்டவில்லை. ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து "ஆளுக்கு 18 தரணும்" என்று குறுஞ்செய்தி வரும்போதுதான் தாண்டும். கடனாக யாரும் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொதுப் பணம் தீர்ந்தால் எட்டுப் பேரும் சமமாகப் போட ஒத்துக்கொண்டால் மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் செலவு இல்லை.

சிவா ட்ரிப்

கடன் வேண்டாம், சரி. அன்பளிப்பா ஒரு வேளைச் சாப்பாடு வாங்கித் தந்தா அதுவும் தப்பா?

யாழினி ப

எனக்குத் தப்பில்லை. கணக்கு நோட்டு தப்புன்னு சொல்லுவார்.

கணக்கு நோட்டு

தப்பு என்று சொல்லவில்லை. விரிதாளில் அந்த வேளைக்குப் பூஜ்யம் எழுதுங்கள். மிச்சமாகும் 20ஐ அன்றே செலவழிக்காமல் அடுத்த உறையில் போடுங்கள். இல்லாவிட்டால் அன்பளிப்பால் கூட்டத்தின் செலவுப் பழக்கம் ஒரு படி ஏறும், மறுநாள் அதே தரத்தில் சாப்பாடு கேட்பார்கள்.

ரஃபி 04

கடைசியில் மிஞ்சினா? அவசரப் பணம் முழுசா மிஞ்சினா எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய சாப்பாடுன்னு எங்க ஆளுங்க இப்பவே பேசறாங்க.

கணக்கு நோட்டு

அதை முன்கூட்டியே அறிவித்தால் அது அவசரப் பணம் இல்லை, மூன்றாம் நாள் விருந்துப் பணம். அறைக்காரரிடமிருந்து முன்வைப்பு திரும்பி, வண்டிக் கணக்கும் முடிந்த பிறகு, 64 அப்படியே இருந்தால் தலைக்கு 8 திருப்பிக் கொடுங்கள். விருந்து வேண்டுமென்றால் திரும்பக் கிடைத்த பணத்தில் விரும்புகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

கடைசி பெஞ்ச்

இன்னிக்குக் கேட்டுட்டேன். தூரத்துக்கு வரம்பு இருக்கு, உள்ளூரில் சுத்தறதைச் சேர்த்தா தாண்டும். புதுசாப் பேசினதில் 256 இப்போ 272. தலைக்கு 2 கூடுது. தனியாக் கேட்டதில் ஒருத்தர் 95தான் முடியும்னார், பெயர் சொல்ல மாட்டேன். ஆக 95க்குள் அடங்கணும், 7 குறைக்கணும். நுழைவுச்சீட்டை முழுசா எடுத்தா 5 கிடைக்குது, இன்னும் 2 எங்கேன்னு தெரியலை.

யாழினி ப

சில்லறையில் நாளுக்கு 20ஐ 15 ஆக்குங்க. மூணு நாளில் 15 மிச்சம், தலைக்கு 1.9. மீதி 0.1க்கு யாரும் சண்டை போட மாட்டாங்க.

சாரதி

நுழைவுச்சீட்டை முழுசா எடுத்தா அந்த இடங்களுக்குப் போக வேண்டியதே இல்லையே. அந்தத் தூரத்தைக் கழிச்சுப் பாருங்க. பழைய வரம்புக்குள்ளேயே வந்து 256க்கே முடியலாம்.

கடைசி பெஞ்ச்

அட. வரைபடத்தைத் திரும்பப் பார்த்துட்டு வர்றேன்.